முதற் பட்டதாரியின் கடன்

(கிளிநொச்சி மாவட்டம், தருமபுரத்தில் நடைபெற்ற பாராட்டுக் கூட்டமொன்றில், பட்டம் பெற்ற இளைஞரின் தாய்மாமன் ஆற்றிய சொற்பொழிவு)

அவைத் தலைவர் அவர்களே, இம்மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கையரே, என் தங்கையின் வயிற்றிற் பிறந்து இன்று விவசாயப் பட்டதாரியாய் நம் முன்னே அமர்ந்திருக்கும் மருமகனே!

மாலையிட்டு ஆசீர்வதித்துவிட்டு அமர்ந்துகொள்வது தாய்மாமனுக்கு வழக்கம். மாலையும் இட்டாயிற்று, ஆசீர்வாதமும் செய்தாயிற்று. ஆயினும் நமது குடும்பத்தில், பாட்டன் பூட்டன் காலந்தொட்டு எவரும் எட்டிப் பார்த்திராத பல்கலைக்கழகத்துக்குள் புகுந்து, நான்கு ஆண்டு கற்று, பட்டத்தோடு வெளியே வந்த முதல் மனிதன் இவன் என்பதனால், இவனிடமும், இவனைச் சூழ்ந்திருக்கும் நம் உறவினரிடமும், இனிமேல் இவன் சென்ற வழியிலே செல்லவேண்டிய பிள்ளைகளிடமும் சில விஷயங்களை விளங்கச் சொல்லவேண்டிய கடமை எனக்கு உண்டு. ஆகையால் நான் எடுத்துக்கொண்ட பொருள் முதற் பட்டதாரியின் கடன் என்பதாகும். அந்தக் கடன் யாருக்கு? அது எவ்வளவு? அதைத் தீர்க்கும் மார்க்கம் என்ன? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்லிவிட்டு அமர்ந்துகொள்வேன்.

யாருக்கு என்ற கேள்விக்கு விடை காணவேண்டுமாயின், நாம் வந்த வழியைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்கவேண்டும்.

1945ஆம் ஆண்டு, கல்வி மந்திரியாயிருந்த கன்னங்கரா அவர்களின் பெருமுயற்சியினால், பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இந்நாட்டிற் கல்வி இலவசமாயிற்று. கிராமத்து ஏழைப் பிள்ளைக்குக் கதவு திறந்த வருஷம் அது. ஆனால், மருமகனே, அந்தக் கதவு உன் பாட்டனுக்குத் திறந்ததா? மலையகத்தில் தேயிலைக் கொழுந்தின் நடுவே பிறந்த அவருக்கு இருந்தது தோட்டப் பாடசாலை. அந்தப் பாடசாலையோ தோட்ட நிர்வாகத்தின் கையிலே இருந்தது. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது எழுபதுகளிலேதான். போதாக்குறைக்கு, 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், இந்நாட்டிலே பிறந்து இந்நாட்டிலே உழைத்த அந்த மக்களுள் பெரும்பான்மையோரை நாடற்றவர்களாக்கி நிறுத்திற்று. கல்வி இலவசமென்று நாடெங்கும் முழங்கிய காலத்தில், அந்த முழக்கம் எட்டாத லயத்து அறையிலே உன் பாட்டன் வாழ்ந்தார்.

1977ஆம் ஆண்டு ஆவணியிலே கலவரம் வந்தது. தோட்டத்தை விட்டு, கையில் அகப்பட்டதைச் சுமந்துகொண்டு, வவுனியாவுக்கு வந்து, அங்கிருந்து மேலும் வடக்கே நகர்ந்து, காடு வெட்டிக் குடிசை போட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களுள் நமது குடும்பமும் ஒன்று. அப்பொழுது நான் பள்ளிப்படிப்பை இடையிலே நிறுத்திவிட்டுக் கூலிக்குப் போகத் தொடங்கிய இளைஞன். உன் தாய் ஏழு வயதுச் சிறுமி. வன்னி மண் நம்மை வாழவைத்தது. அதை எந்நாளும் மறக்க மாட்டோம். ஆயினும், பிறர் வயலிலே நாற்று நட்டும், களை பிடுங்கியும், அரிவு வெட்டியும் வாழ்ந்தோமேயன்றி, நமக்கென்று உறுதி எழுதிய காணி நெடுங்காலம் இருந்ததில்லை. காணிக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். அனுமதிப்பத்திரத்துக்குப் பிரஜாவுரிமை வேண்டும். பிரஜாவுரிமைக்குப் பிறப்பத்தாட்சி வேண்டும். பிறப்பத்தாட்சியோ கலவரத்தில் எரிந்துபோயிற்று. இவ்வாறு ஒரு கடதாசி இல்லாமையினால் மறு கடதாசியும் இல்லாமற்போய், மனிதர்கள் இருந்தும் இல்லாதவர்களாய் நின்ற காலம் அது. இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலே நிறைவேறிய பின்னரே, நம்மூரில் எஞ்சியிருந்த பல குடும்பங்களின் அந்தத் தளை அறுந்தது. இவன் பிறந்தது 2000ஆம் ஆண்டு. அதாவது, இவன் நடை பழகிய பின்னரே இவன் குடும்பத்துக்கு இந்நாட்டில் முழு உரிமை பிறந்தது.

பின்னர் போர். 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இவ்வூரே எழுந்து கிழக்கு நோக்கி நடந்தது. விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று நடந்து, எஞ்சியோர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமிலே கூடாரத்துக்குள் அடைபட்டோம். அப்பொழுது இவனுக்கு ஒன்பது வயது. அந்த முகாமிலும் ஆசிரியர்கள் இருந்தார்கள். தம்முடைய பிள்ளைகளை இழந்த ஆசிரியர்கள், பிறர் பிள்ளைகளை மண்ணிலே உட்காரவைத்து, கரும்பலகையில்லாமல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார்கள். அவ்வாண்டு உயர்தரப் பரீட்சையைக் கூட முகாமுக்குள்ளிருந்தே எழுதிய மாணவர்கள் உண்டு. 2010ஆம் ஆண்டு ஊருக்குத் திரும்பியபொழுது வீட்டுக்குக் கூரை இல்லை. பாடசாலைக்கும் கூரை இல்லை. ஆனால் வகுப்பு நடந்தது.

இப்பொழுது சொல்லுங்கள்: இவன் பெற்ற பட்டம் இவனுடைய தனி உழைப்பின் பலன் மாத்திரந்தானா? உழைத்தவன் இவன்; அதில் ஐயமில்லை. ஆயினும், பெயர் தெரியாத எத்தனையோ பேர் வரிசையாய் நின்று கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்து சேர்த்த பின்னரே, அந்த உழைப்புக்கு ஓர் இடம் கிடைத்தது. கடன் யாருக்கு என்ற கேள்விக்கு விடையின் முதற் பாகம் இது.

விடையின் இரண்டாம் பாகம் இன்னும் முக்கியமானது. அதைப்பற்றி நம்மூரிலே பேசுவோர் குறைவு. இவனுக்குப் பல்கலைக்கழகத்தில் கிடைத்த இடம் எவ்வாறு கிடைத்தது? அதைக் கணக்காகவே காட்டுகிறேன். கூட்டுறவுச் சங்கத்திலே கணக்கெழுதிக் காலங்கழித்தவன் நான். கணக்கு என்னைக் கைவிடாது.

உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடங்கள். ஒரு பாடத்தில் எடுத்த புள்ளியை அப்படியே எடுத்துப் பார்ப்பதில்லை. நாடு முழுவதிலும் அப்பாடத்தை எழுதியவர்கள் சராசரியாக எவ்வளவு எடுத்தார்கள் என்று பார்த்து, அந்தச் சராசரியிலிருந்து இந்தப் பிள்ளை எவ்வளவு தூரம் மேலே நிற்கிறது என்பதை, புள்ளிகள் பரந்து கிடக்கும் அளவினாலே, அதாவது நியம விலகலினாலே, வகுத்துக் காண்கிறார்கள். உதாரணத்துக்காக ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். பௌதிகவியலில் 55 புள்ளி. நாட்டுச் சராசரி 40. நியம விலகல் 15. வித்தியாசம் 15, அதை 15ஆல் வகுத்தால் 1. இரசாயனவியலில் இவ்வாறே 0.8 என்றும், உயிரியலில் 1.2 என்றும் வந்தால், மூன்றின் சராசரி 1. இதற்குத்தான் இசட் புள்ளி என்று பெயர். கடினமான பாடத்தில் 55 எடுத்தவனும், இலகுவான பாடத்தில் 70 எடுத்தவனும் ஒரே தராசில் நிறுக்கப்படுவதற்காக ஏற்பட்ட ஏற்பாடு இது.

நிற்க. அந்தப் புள்ளியைக் கொண்டு இடங்களை எப்படிப் பங்கிடுகிறார்கள்? ஒரு கற்கை நெறிக்கு நாடு முழுவதற்குமாக ஆயிரம் இடங்கள் என்று வைத்துக்கொண்டால், அவற்றுள் நானூறு, எந்த மாவட்டத்தவர் என்று பாராமல் நாட்டிலேயே அதிக புள்ளி பெற்றவர்களுக்குச் செல்கின்றன. ஐந்நூற்றைம்பது, ஒவ்வொரு மாவட்டத்தின் சனத்தொகை விகிதப்படி மாவட்டங்களுக்குப் பகிரப்படுகின்றன. மிஞ்சிய ஐம்பது, கல்வி வசதியிற் பின்தங்கியவையென்று கணிக்கப்பட்ட பதினாறு மாவட்டங்களுக்குச் செல்கின்றன. அவற்றுள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் அடக்கம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நாட்டின் சனத்தொகை இரண்டு கோடியே மூன்றரை இலட்சத்துக்குச் சற்று மேல். கிளிநொச்சி மாவட்டத்தின் சனத்தொகை 1,13,510. நூற்றுக்கு ஒன்று கூட இல்லை, அரைக்குச் சற்றுமேல். அப்படியானால், அந்த ஐந்நூற்றைம்பது இடங்களுள் கிளிநொச்சி மாவட்டத்தின் பங்கு எத்தனை? மூன்று. ஆயிரம் இடங்களிலே, மாவட்ட முறைப்படி, மூன்று!

மருமகனே, நீ உட்கார்ந்த நாற்காலி அந்த மூன்றில் ஒன்று. அது கிளிநொச்சி மாவட்டத்தின் பெயரால் ஒதுக்கப்பட்ட நாற்காலி. நீ அதில் உட்காராவிட்டால் இம்மாவட்டத்தின் வேறொரு பிள்ளை அதில் உட்கார்ந்திருக்கும். இம்மாவட்டத்தின் ஒரு லட்சத்துப் பதின்மூவாயிரம் பேரும் சேர்ந்து உனக்குக் கொடுத்த இடம் அது என்று நான் சொன்னால் அதில் மிகையேது?

இன்னுமொன்று. 1984ஆம் ஆண்டுவரை கிளிநொச்சி தனி மாவட்டமாக இருக்கவில்லை. யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. முல்லைத்தீவும் 1978ஆம் ஆண்டுவரை பெரும்பாலும் வவுனியா மாவட்டத்துள் அடங்கியிருந்தது. எழுபதுகளில் தரப்படுத்தலும், அதன்பின் மாவட்டப் பங்கீடும் வந்தபொழுது, யாழ்ப்பாணத்து மாணவர்கள் அநீதி இழைக்கப்பட்டதாகக் குமுறினார்கள். அந்தக் குமுறலுக்கு நியாயம் இருந்தது. இந்நாட்டின் சரித்திரத்தையே அது திருப்பிவிட்டது. ஆனால் அதே காலத்தில், மழைக்கு ஒழுகும் கொட்டிலிலே, விஞ்ஞான ஆசிரியரையே கண்டிராத கிளிநொச்சிக் குடியேற்றத்துப் பிள்ளை, நூறாண்டுப் பழமையும் ஆய்வுகூடமும் உடைய யாழ்ப்பாண நகரத்துக் கல்லூரிப் பிள்ளைகளுடன் ஒரே மாவட்டப் பங்குக்குள் போட்டியிடவேண்டியிருந்தது என்பதும் உண்மை. இரண்டு உண்மைகளையும் ஒருங்கே நினைவில் வைத்திருப்பவனே படித்தவன்.

சிலர் சொல்லக்கூடும்: "பின்தங்கிய மாவட்டக்காரன், குறைந்த புள்ளியில் உள்ளே போனவன்" என்று. பல்கலைக்கழக விடுதியிலே இந்தச் சொல் உன் காதிலும் விழுந்திருக்கும். அதற்கு விடை என்ன? உள்ளே நுழைவதற்குத்தான் மாவட்டக் கணக்கு. வெளியே வருவதற்கு மாவட்டக் கணக்கு ஏதுமில்லை. நான்கு ஆண்டும் ஒரே விரிவுரை, ஒரே வினாத்தாள், ஒரே சித்திப் புள்ளி. பதின்மூன்று ஆண்டு தமிழிலே படித்த பிள்ளை, ஒரு நாள் விடிந்ததும் மண்ணியலையும் பூச்சியியலையும் ஆங்கிலத்திலே கேட்டு ஆங்கிலத்திலே எழுதவேண்டும். முதல் வருஷம் இவன் விரிவுரைக் குறிப்பை வைத்துக்கொண்டு, அகராதியைப் பக்கத்திலே விரித்து, ஒரு பக்கத்தை வாசிக்க ஒரு மாலைப்பொழுது முழுவதும் எடுத்ததை நான் கண்டேன். நகரத்துப் பிள்ளை ஒருமுறை படித்ததை இவன் இருமுறை படித்தான்: ஒருமுறை மொழிக்காக, மறுமுறை விஷயத்துக்காக. அவ்வாறு படித்து வந்து எடுத்த பட்டத்தில் எந்தச் சலுகையும் கலந்திருக்கவில்லை.

அது மாத்திரமா? 1990ஆம் ஆண்டு கிளிநொச்சியிலே ஆரம்பிக்கப்பட்டு, போரினால் யாழ்ப்பாணத்துக்குப் பெயர்ந்து, போர் ஓய்ந்தபின் அறிவியல் நகருக்குத் திரும்பிய அந்த விவசாய பீடத்திலே, இவன் விவசாயம் கற்கத் தொடங்கிய காலத்தில்தான், 2021ஆம் ஆண்டு, அரசாங்கம் இரசாயனப் பசளையை ஒரே நாளில் தடைசெய்தது. பீடத்திலே பயிருக்கு நைதரசன் எவ்வளவு வேண்டும் என்று கற்றுவிட்டு வீட்டுக்கு வந்தால், தகப்பனுடைய குத்தகை வயல் யூரியா இல்லாமல் மஞ்சளித்து நின்றது. அவ்வருடக் கார்த்திகையில் தடையை நீக்கினார்கள். ஆனால் காலபோகம் போனது போனதுதான். அடுத்த வருஷம் நாடே வங்குரோத்தாயிற்று. மகாபொலப் புலமைப்பரிசிலாக மாதம் ஐயாயிரம் ரூபாய் வந்தது. அதற்கு விண்ணப்பிக்கக் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் வருமானத்தை உறுதிப்படுத்தி வாங்க இவன் தாய் வேலைக்குப் போகாமல் அலைந்த நாட்கள் பல. அந்தப் பணம் சாப்பாட்டுக்கும் பேருந்துக்குமே போதவில்லை. மிச்சத்துக்கு என் தங்கையின் சங்கிலி அடைவுக்குப் போயிற்று.

ஆகவே கடன் எவ்வளவு என்ற இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். இதைச் சொல்லும்பொழுது என் மருமகனைப் பார்த்துச் சொல்வதைவிட, முன்வரிசையில் இருக்கும் நம் உறவினரைப் பார்த்துச் சொல்வதே அதிகம்.

குடும்பத்தின் முதற் பட்டதாரிக்கு நேரும் முதல் ஆபத்து யாதெனில், அவன் எல்லோருடைய பணப்பையாகவும் ஆக்கப்படுவது. பெரியப்பன் வீட்டுக்குக் கிணறு, சித்தி மகளுக்குக் கலியாணம், ஒன்றுவிட்ட அண்ணனுக்கு வெளிநாட்டு முகவருக்குக் கட்டும் காசு என்று எல்லாமே அவன் தலையில் வந்து விழுகின்றன. "படித்தவன், உழைப்பான்" என்று நாம் சொல்லுகிறோம். அவனோ இன்னும் வேலைக்குப் போகவில்லை! உறவினரே, தாய்மாமன் என்ற உரிமையோடு இந்தச் சபையிலே சொல்கிறேன்: இவன் தீர்க்கவேண்டிய பணக்கடன் ஒன்றே ஒன்று, தாயின் சங்கிலியை மீட்டுக் கொடுப்பது. அதற்கு மேல் இவனிடம் எவரும் பணக்கணக்கு வைக்கவேண்டாம். இவனுக்குப் பின்னே ஒரு தங்கை படிக்கிறாள். அவளுடைய படிப்புக்கு இவன் கைகொடுப்பது அண்ணன் என்ற அன்பினாலே. அதை நாம் கடனென்று எழுதக் கூடாது.

மருமகனே, இப்பொழுது உனக்கு. பட்டம் வந்ததும் அரசாங்க உத்தியோகம் வந்துவிடும் என்று உன் தந்தை நினைக்கிறார், ஊரும் நினைக்கிறது. 2017ஆம் ஆண்டு, யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தின் முன்னே, வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியோரத்திலே அமர்ந்து போராடினார்கள். 2020ஆம் ஆண்டு அரசாங்கம் பெருந்தொகையான பட்டதாரிகளை, மாதம் இருபதினாயிரம் ரூபாய்க் கொடுப்பனவுடன், பயிலுனராகச் சேர்த்தது. இடையிலே காத்திருந்த ஆண்டுகள் எத்தனை என்பது அவர்களுக்குத்தான் தெரியும். நியமனம் வருவது உன் தகுதியினாலே மாத்திரமல்ல. அரசாங்கத்தின் கருவூல நிலையும், தேர்தலின் காலமும் அதைத் தீர்மானிக்கின்றன. ஆகையால், விண்ணப்பி, போட்டிப் பரீட்சைக்குப் படி, இலங்கை விவசாய சேவைக்கு அழைப்பு வந்தால் ஆயத்தமாய் நில். பட்டச் சான்றிதழில் அது வலுப்பெறும் திகதி எது என்பதைக் கவனித்து வைத்துக்கொள். விண்ணப்ப முடிவுத் திகதிக்கு அது முந்தியதாக இருக்கவேண்டும் என்ற விதியில் அகப்பட்டு வாய்ப்பை இழந்தோர் உண்டு. ஆனால் காத்திருப்பதையே தொழிலாக்கிக்கொள்ளாதே. காத்திருக்கும் இரண்டு ஆண்டில் நீ கற்றது துருப்பிடிக்கும்.

காத்திருக்கும் காலத்தில் என்ன செய்யலாம்? உன் தகப்பனுடைய வயலிலிருந்து தொடங்கு. ஏக்கருக்கு இரண்டு புசல் விதைநெல் போதும் என்று திணைக்களம் சொல்லுகிறது. நாமோ முளைக்காமற் போய்விடுமோ என்ற பயத்தினால் மூன்று புசலை எறிகிறோம். பயம் ஏன்? விதைநெல்லின் தரத்தை நாம் அறிவதில்லை. நூறு நெல்மணியை எண்ணி, ஈரச்சாக்கிலே சுற்றி வைத்து, எத்தனை முளைக்கின்றன என்று விதைப்புக்கு முன்னே பார்த்தால், எறியவேண்டிய அளவு தானாகத் தெரிந்துவிடும். எண்பத்தைந்துக்கு மேல் முளைத்தால் அச்சமில்லை. அறுபதுதான் முளைத்ததென்றால் அந்த விதையை அரிசியாக்கிவிட்டு வேறு விதை தேடவேண்டும். காசு செலவில்லாத இந்தச் சோதனையை இந்த ஊரிலே பத்துக் கமக்காரர் வீட்டில் நீ செய்துகாட்டினால், கமக்காரர் அமைப்பின் கூட்டத்திலே உன் சொல் ஏறும். உத்தியோகம் வந்தபின் உனக்கு உதவப்போவதும் அந்த நம்பிக்கைதான்.

சபையோரே, மூன்றாவது கேள்வி எஞ்சியிருக்கிறது. கடனைத் தீர்க்கும் மார்க்கம் என்ன? மாவட்டம் கொடுத்த நாற்காலிக்கு மாவட்டத்துக்கு எதைத் திருப்பிக் கொடுப்பது?

இரணைமடுக் குளத்திலே தண்ணீர் நிறைய இருந்தும், வாய்க்காலின் கடைப்பகுதி வயல் காய்ந்து கிடப்பதை நாம் கண்டிருக்கிறோம். தலைப்பகுதியிலே இருப்பவன் தன் வயல் நிறைந்தபின்னும் மடையைத் திருப்பிவிடாமற் போனால் அப்படித்தான் ஆகும். கல்வியிலும் அப்படியே. நகரத்துப் படித்த குடும்பத்திலே, எந்தப் பாடத்தை எடுக்கவேண்டும், எந்தப் படிவத்தை எப்படி நிரப்பவேண்டும் என்பது சாப்பாட்டு வேளையிலே பேசப்படும் விஷயம். நம் வீடுகளிலே அதைச் சொல்லக்கூடியவர் ஒருவருமில்லை. இவனுக்கும் ஒருவரும் இருக்கவில்லை. ஓர் ஆசிரியையின் தயவினாலே தப்பினான். புள்ளி இருந்தும், வழி தெரியாமையினாலே இடத்தை இழந்த பிள்ளைகள் நம் வன்னியிலே எத்தனை பேர்!

எப்படி இழக்கிறார்கள் என்பதையும் சொல்கிறேன். உயர்தரப் பெறுபேறு வந்தபின், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒரு கைந்நூலை வெளியிடுகிறது. அதிலே கற்கை நெறிகளும், அவற்றுக்கு வேண்டிய பாடங்களும் எழுதப்பட்டிருக்கும். பிள்ளை இணையத்திலே விண்ணப்பித்து, தான் விரும்பும் நெறிகளை வரிசையாக எழுதி, உரிய திகதிக்குள் அனுப்பவேண்டும். மேலிருந்து கீழாக அந்த வரிசையைப் பார்த்து, பிள்ளையின் புள்ளி எட்டுகிற முதலாவது நெறியைக் கொடுக்கிறார்கள். அவ்வளவுதான் விதி. ஆனால் உயிரியற் பிரிவிலே படித்த ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். வைத்தியம், பல் வைத்தியம், மிருக வைத்தியம் என்று மூன்றையும் எழுதிவிட்டு, "இவை கிடைக்காவிட்டால் அடுத்த முறை பார்ப்போம்" என்று அப்பிள்ளை நிறுத்திவிடுகிறது. மூன்றும் எட்டவில்லை. அதே புள்ளிக்கு விவசாயமோ, சித்த மருத்துவமோ, வவுனியாப் பல்கலைக்கழகத்தில் ஒரு நெறியோ கிடைத்திருக்கலாம்; எழுதாததனால் கிடைக்கவில்லை. வேறொரு பிள்ளையோ பயத்தினால், எளிதிற் கிடைக்கும் நெறியை முதலிலே எழுதிவிடுகிறது. மேலான நெறி எட்டும் புள்ளி இருந்தும், முதலில் எழுதியதே கொடுக்கப்பட்டுவிடுகிறது. சென்ற ஆண்டின் வெட்டுப்புள்ளியைப் பார்த்து வரிசையை மாற்றக் கூடாது. வெட்டுப்புள்ளி ஆண்டுதோறும் மாறும். உண்மையாக விரும்பும் ஒழுங்கிலே, படிக்கச் சம்மதமான எல்லாவற்றையும் கீழே வரை எழுதவேண்டும். இந்தச் சில வாக்கியங்களைச் சொல்ல ஒருவர் இருந்தால், ஒரு பிள்ளையின் வாழ்வு மாறும்.

இன்னொரு தவறு அதற்கும் முன்னே நேருகிறது. நல்ல வகுப்புக்கென்று கிளிநொச்சிப் பிள்ளையை யாழ்ப்பாணத்துப் பாடசாலைக்கு மாற்றுகிறார்கள். பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டு எந்த மாவட்டத்துப் பாடசாலையிலே படித்தது என்பதே பிள்ளையின் மாவட்டத்தைத் தீர்மானிப்பதில் முக்கியமானது. மாற்றிய காலம் நீண்டால் அப்பிள்ளை யாழ்ப்பாண மாவட்டத்துப் போட்டிக்குள் போய்விடும். மாற்றுவது நல்லதா, கெட்டதா என்பது ஒவ்வொரு குடும்பமும் தீர்மானிக்கவேண்டியது. ஆனால் அறிந்து தீர்மானிக்கவேண்டும். அறியாமல் விழுந்துவிடக் கூடாது. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று முறைதான் பரீட்சை எழுதலாம் என்பதையும் பெற்றோர் அறிந்திருத்தல் அவசியம்.

மருமகனே, உன் கடனைத் தீர்க்கும் மார்க்கம் இதுவே. இம்முறை உயர்தரப் பெறுபேறு வெளியாகும் வாரத்திலிருந்து, விண்ணப்ப முடிவுத் திகதி வரை, மாலைதோறும் நீ நமது சனசமூக நிலையத்திலே உட்கார். கைந்நூலின் பிரதி மேசையிலே இருக்கட்டும். தருமபுரத்துப் பிள்ளை மாத்திரமல்ல. விசுவமடுவிலிருந்தும் பரந்தனிலிருந்தும் வரும் எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பாதே. பிள்ளையை மாத்திரம் உட்காரவைக்காதே. தாயையோ தகப்பனையோ கூடவே உட்காரவை. அவர்களுக்கு விளங்கும்படி தமிழிலே சொல். வரிசையை நீ எழுதிக் கொடுக்காதே. விதியை விளக்கிவிட்டுப் பிள்ளையையே எழுதவிடு. விருப்பம் அவர்களுடையது, விளக்கம் உன்னுடையது. சாதாரண தரம் முடித்த பிள்ளைகள் உயர்தரத்துக்குப் பாடம் தெரிவுசெய்யும் வேளையிலும் அவ்வாறே செய்; ஏனெனில் தவறான பாடத் தெரிவை எந்தப் படிவமும் பின்னர் திருத்தாது. மேசை, நாற்காலி, விளக்கு, அச்சுச் செலவு ஆகியவற்றை நிலையம் பார்த்துக்கொள்ளும். தலைவர் அவர்கள் அதற்கு ஏற்கெனவே இசைந்துள்ளார்.

இதைச் செய்தால் என்ன நேரும்? அடுத்த முறை ஒரு பிள்ளை பல்கலைக்கழகம் போகும்பொழுது, அந்தப் பிள்ளைக்கு இரண்டு ஆண்டின் பின் இந்த மேசையின் மறுபக்கத்தில் உட்காரும் கடன் ஏற்படும். அந்தக் கடனை அந்தப் பிள்ளையிடம் இன்றே சொல்லிவை. இவ்வாறு ஒருவர் மாறி ஒருவர் அமர்ந்து வந்தால், இம்மாவட்டத்துக்குரிய இடங்களுள் ஒன்று கூட அறியாமையினால் வெறுமையாய்ப் போகாது. கிளிநொச்சியின் பங்கு மூன்று என்ற கணக்கை மாற்ற நம்மால் முடியாது. நாடு முழுவதற்குமுள்ள அந்த நானூறு இடங்களிலே போட்டியிட்டு வெல்ல நம் பிள்ளைகளால் முடியும். அந்த வாசலுக்கு மாவட்டம் இல்லை, எல்லையும் இல்லை.

தம்பி தங்கையரே, நீங்கள் கேட்டீர்கள். பெறுபேறு வந்த மறுநாள் மாலை, உங்கள் பெறுபேற்றுத் தாளோடும், பெற்றோரோடும் இந்த நிலையத்துக்கு வாருங்கள். என் மருமகன் இங்கே இருப்பான். இருப்பேன் என்று அவன் இந்தச் சபையின் முன்னே எழுந்து நின்று சொல்லட்டும். அதுவே அவன் தாய்க்கும், பாட்டனுக்கும், இந்த மாவட்டத்துக்கும் செலுத்தும் முதல் தவணை.

மருமகனே, எழுந்து சொல். நீடூழி வாழ்க!